மோர்ஃபினில் இருந்து ஒரு பிள்ளையை இறக்கிய 22 நாட்கள்

பிறந்து ஒரு நாள்கூட முடியாத பிள்ளை. எடை இரண்டரைக் கிலோ. எங்கள் பிரிவுக்குத் தூக்கி வந்தபோது இரண்டு கையையும் வாய்க்குள் திணிக்கத் துடித்துக்கொண்டிருந்தாள். போத்தலை வைத்தால் நாலு தரம் அவதியாக உறிஞ்சிவிட்டுத் தலையைப் பின்னால் எறிந்து வீரிடுவாள். அந்த அழுகை பசி அழுகை இல்லை. கேட்டுப் பழகிய காதுக்குத் தெரியும், அது மெல்லியதாகக் கூராக இருக்கும், நடுவில் மூச்சு எடுக்கவும் இடம் விடாது. தாடை நடுங்கியது, வியர்த்தது, ஒன்றன்பின் ஒன்றாகத் தும்மல் வந்தது. வாசலில் நின்ற அப்பம்மா "நாவூறு பட்டிட்டுது மிஸ், ஒருக்கா சுத்திப் போட விடுங்கோ" என்று கெஞ்சினா.

திருகோணமலையில் ஓர் அரச வைத்தியசாலையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் நான் தாதியாக இருக்கிறேன். இப்படியான பிள்ளைகள் முன்பெல்லாம் எப்போதாவது ஒன்று வரும். இந்தப் பிள்ளையை வைத்து நாங்கள் கற்றுக்கொண்டதை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். குடும்பத்தை யாரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்துக் கணக்கை மாற்றவில்லை.

நடுங்கும் பிள்ளை எல்லாம் போதைப் பொருளால் நடுங்குவதில்லை. இரத்தத்தில் சீனி குறைந்தாலும், கல்சியம் குறைந்தாலும், கிருமித் தொற்று இருந்தாலும் இதே நடுக்கம் வரும். அதனால் டொக்டர் முதலில் அவற்றைத்தான் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் தாயிடம் கேட்க வேண்டியிருந்தது.

அவளுக்கு 23 வயது, வடக்குக் கரையோரக் கிராமம் ஒன்று. மாமியும் கணவனும் பக்கத்தில் நிற்கும்போது கேட்டு எந்தப் பயனும் இல்லை. இரவு அவள் தனியாகப் பிள்ளையைப் பார்க்க வந்த நேரம் நான் ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தேன். "தங்கச்சி, நான் பொலிசுக்குச் சொல்லக் கேட்கேல்ல. பிள்ளைக்கு எந்த மருந்து குடுக்கிறதெண்டு தெரியாம நிக்கிறம்" என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள், "தூள் மிஸ். கடைசியா வலி வாறதுக்கு முதல் நாள்." கணவன் பழக்கியது. கர்ப்பம் தெரிந்த பிறகு இரண்டு தரம் விட்டுப் பார்த்திருக்கிறாள், உடம்பு தாங்காமல் திரும்பியிருக்கிறாள்.

தூள் என்பது ஹெரோயின். அது தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போய்க்கொண்டிருந்தது, கொடியை வெட்டிய நிமிடத்தில் நின்றுவிட்டது. பிள்ளையின் உடம்பு அதற்குப் பழகியிருப்பதால் ஒரு நாளுக்குள் அந்தரப்படத் தொடங்கும். தாய், ஹெரோயினுக்குப் பதிலாகச் சிகிச்சையில் கொடுக்கும் மெதடோன் மருந்தை எடுத்தவளாக இருந்தால் இது பிந்தும், இரண்டு மூன்று நாள் சாதுவாகக் கிடந்துவிட்டு அதன்பிறகுதான் தொடங்கும். தாய் வாய் திறந்ததால் எங்களுக்குக் கிடைத்த முதல் பயன் அந்தக் கால அளவுதான். இரண்டாவது, ஒரு ஆபத்தைத் தவிர்க்க முடிந்தது. இப்படியான பிள்ளைக்கு மூச்சு மந்தம் என்று, ஹெரோயினை முறிக்கும் நலொக்சோன் ஊசி போட்டால், உள்ளே இருக்கும் மருந்தெல்லாம் ஒரேயடியாகத் தடைப்பட்டு வலிப்பு வரக்கூடும்.

உடனே மருந்து தொடங்கவில்லை. முதலில் கையால் ஆற்றிப் பார்த்தோம். வெளிச்சத்தைக் குறைத்து, துணியால் இறுக்கிச் சுற்றி, தாயின் நெஞ்சோடு தோல் படப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுத்தோம். கூடவே நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் ஃபினிகன் அட்டவணையில் புள்ளி எழுதினோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் லொரெட்டா ஃபினிகன் 1975இல் கொண்டுவந்த அட்டவணை அது. அழுகை, தூக்கம், நடுக்கம், வியர்வை, தும்மல், வயிற்றோட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. தொடர்ந்து மூன்று தரம் 8 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் தொடர்ந்து இரண்டு தரம் 12 அல்லது அதற்கு மேல் வந்தால் மருந்து. அவளுக்கு 11, 12, 13 என்று ஏறியது. இரண்டாம் நாள் மாலை, ஹெரோயின் இனத்து மருந்தான மோர்ஃபினை அளந்து கொடுத்துப் படிப்படியாக இறக்குவதற்காகத் தொடங்கினோம்.

பிறந்த எடையில் ஒரு கிலோவுக்கு 0.04 மில்லிகிராம், நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், வாயால். இரண்டரைக் கிலோவுக்கு அது 0.1 மில்லிகிராம். மருந்துக் களஞ்சியத்தில் ஒரு மில்லிலீற்றரில் 0.1 மில்லிகிராம் இருக்கும்படி கரைசல் செய்து தந்தார்கள், ஆகவே ஒரு வேளைக்கு சரியாக 1 மில்லிலீற்றர். (இது எங்கள் பிரிவின் கணக்கு. மூன்று மணிக்கொரு தரம் கொடுக்கும் இடங்களும் உண்டு, அங்கே அளவும் வேறு.) அடுத்த நாளும் புள்ளி 8க்குக் கீழே வரவில்லை. காலையில் 1.5 ஆக்கினோம், இரவு 2 ஆக்கினோம். நாலாம் நாள் விடியற்காலையில்தான் முதல் தடவையாகப் பால் குடித்துவிட்டு இரண்டு மணித்தியாலம் தூங்கினாள். புள்ளி 5.

ஏற்றும்போது நாங்கள் புள்ளியை மட்டும் பார்க்கவில்லை, மூச்சையும் எண்ணினோம். ஒட்சிசன் அளவு காட்டும் கருவி காலில் கட்டியே இருந்தது. மூச்சு நிமிடத்துக்கு 30க்குக் கீழே போனாலோ, பால் நேரம் வந்தும் தட்டி எழுப்ப முடியாமல் துவண்டு கிடந்தாலோ அடுத்த வேளை மருந்தை நிறுத்திவைத்து டொக்டரைக் கூப்பிட வேண்டும் என்று கட்டில் தலைமாட்டில் எழுதி ஒட்டியிருந்தோம். அழாத பிள்ளையைப் பார்த்து நிம்மதிப்படுவது இயல்பு. மோர்ஃபின் கொடுத்த பிள்ளையில் அந்த நிம்மதியை நம்பக்கூடாது.

கரைசலைப் பற்றி ஒரு விடயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் வரும் பிழை திருத்த நேரம் தராது. பல வருடங்களுக்கு முன் நான் வேறோர் இடத்தில் வேலை செய்தபோது, புற்றுநோயாளிக்கான மோர்ஃபின் போத்தலும் பிள்ளைக்கான போத்தலும் ஒரே அலுமாரித் தட்டில் நின்றன. பெரியவர்களின் போத்தலில் ஒரு மில்லிலீற்றருக்கு 2 மில்லிகிராம். ஒரு சகோதரி அதில் இருந்து சிறிஞ்சில் எடுத்துவிட்டா. மருந்தின் நிறம் வேறாகத் தெரிந்ததால் மற்றவள் கையைப் பிடித்தாள். கொடுத்திருந்தால் 20 மடங்கு போயிருக்கும். அன்று முதல் நான் மில்லிலீற்றரை மட்டும் எழுதி வைத்த மருந்துச் சீட்டை ஏற்பதில்லை. மில்லிகிராமும் மில்லிலீற்றரும் இரண்டும் இருக்க வேண்டும், இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும், வாய்வழி சிறிஞ்சில் மட்டுமே எடுக்க வேண்டும்.

2 மில்லிலீற்றரில் 48 மணித்தியாலம் வைத்திருந்தோம். புள்ளி 8ஐத் தொடவில்லை. ஆறாம் நாள் காலை இறக்கத் தொடங்கினோம்.

நாங்கள் இறக்கியது 10 சதவீதம், ஆனால் எதில் 10 சதவீதம் என்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். இன்று கொடுக்கும் அளவில் 10 சதவீதம் இல்லை, ஆகக் கூடுதலாகக் கொடுத்த அளவில் 10 சதவீதம். இவளுக்கு உச்சம் 2, ஆகவே ஒவ்வொரு படியும் 0.2. இரண்டு, 1.8, 1.6, 1.4 என்று வந்தால் எட்டுப் படியில் 0.4ஐத் தொடலாம். உச்சத்தின் ஐந்தில் ஒரு பங்கு அது, அதிலிருந்து நிறுத்திவிடலாம். அன்றன்றைய அளவில் 10 சதவீதம் குறைத்துக்கொண்டு போனால் படிகள் தேய்ந்துகொண்டே போகும், எட்டுப் படி முடிந்தும் 0.86இல்தான் நிற்போம். 0.4க்கு வர 16 படி வேண்டும். அதாவது அந்தப் பிள்ளை ஒரு நாளுக்கு ஒரு படி என்றாலும் தேவையில்லாமல் எட்டு நாள் கூடுதலாக மோர்ஃபினில் இருக்கும்.

இன்னொன்று, எடை. பிள்ளை வளர வளர மருந்தையும் கூட்டிக் கணக்குப் பார்க்கக்கூடாது. பிறந்த எடைக்குப் போட்ட கணக்கே கடைசி வரை. எடை கூடுவதாலேயே ஒரு கிலோவுக்கான அளவு தானாக ஒரு துளி இறங்கும், அது எங்களுக்கு உதவிதான்.

ஆறாம் நாள் 1.8, ஏழாம் நாள் 1.6, எட்டில் 1.4. ஒரு நாளுக்கு ஒரு படி, எப்போதும் காலையில், வைத்தியர்கள் பார்வையிட்ட பிறகு. இரவில் படி இறக்கினால் அதன் விளைவு ஆள் குறைந்த நேரத்தில் வரும். பத்தாம் நாள் 1.0, பதினோராம் நாள் 0.8. புள்ளிகள் 4, 6, 5, 7.

இந்த நாட்களில் தாய் எப்போதும் கூடவே இருந்தாள். அவளுக்கும் உடம்பு இழுத்தது, மனநல வைத்தியர் வந்து பார்த்து அவளுக்குத் தனியாக மருந்து எழுதினார். கடைசி நாள் வரை தூள் எடுத்திருந்ததால் தாய்ப்பால் வேண்டாம் என்று வைத்தியர்கள் முடிவெடுத்தார்கள். (மெதடோன் சிகிச்சையில் நிலையாக இருந்து, வேறு போதைப்பொருள் எடுக்காத தாய், எச்.ஐ.வி. இல்லையென்றால், பால் கொடுக்கலாம்; பிள்ளையின் அந்தரமும் குறையும். இவளின் நிலை அது இல்லை.) அவள் அழுதாள். பால் இல்லாவிட்டாலும் நெஞ்சு இருக்கிறது என்று சொல்லிப் பிள்ளையை அவள் மேலேயே போட்டோம். அந்தரப்படும் பிள்ளைக்குப் பக்கவாட்டில் ஆட்டுவதைவிட மேலும் கீழுமாக மெதுவாக அசைப்பது ஒத்துவருகிறது என்பதை அவளே கண்டுபிடித்தாள். அப்பம்மா வீட்டில் ஏணை கட்டிவைத்திருப்பதாகச் சொன்னா, அதற்கு நாள் இருக்கிறது என்றேன். கோரோசனை உரைத்துக்கொண்டு வந்ததை மட்டும் கண்டிப்பாகத் திருப்பி அனுப்பினேன். மோர்ஃபின் குடிக்கும் பிள்ளையின் வாயில் வேறு எது போனாலும், பிறகு வரும் மயக்கத்தை எதன் கணக்கில் எழுதுவது?

பன்னிரண்டாம் நாள் நாங்கள் பிழை விட்டோம். அன்று வாட்டு நிறைந்திருந்தது, குறைமாதப் பிள்ளைகள் இரண்டு புதிதாக வந்திருந்தன. "இவள் நல்லாத்தானே இருக்கிறாள்" என்ற நினைப்பு எல்லோருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. 0.8ஐ 0.6 ஆக்கினோம், அதோடு நாலு மணித்தியாலத்தை ஆறு மணித்தியாலமாகவும் நீட்டினோம். சீட்டில் பார்த்தால் சின்ன மாற்றங்கள் இரண்டு. கூட்டிப் பாருங்கள்: முதல் நாள் 0.8 வீதம் ஆறு வேளை, மொத்தம் 4.8 மில்லிலீற்றர். அன்று 0.6 வீதம் நாலு வேளை, 2.4 மில்லிலீற்றர். ஒரே நாளில் பாதியைப் பறித்திருக்கிறோம்.

இரவு பத்து மணிக்குப் புள்ளி 9. மருந்துப் போத்தலை எடுக்காமல் முதலில் பிள்ளையைப் பார்த்தேன். பசியா? இப்போதுதான் குடித்தாள். அடித் தோல் வயிற்றோட்டத்தால் சிவந்து எரிந்திருந்தது, துடைத்துக் களிம்பு பூசினேன். புதிய பிள்ளைகளின் கருவிகள் கத்திக்கொண்டிருந்தன, தொட்டிலை மூலைக்கு நகர்த்தினேன். தாய் நெஞ்சில் போட்டுக்கொண்டாள். ஒரு தரம் வரும் 9 பல நேரம் இதிலேயே 6 ஆகிவிடும், அதற்காக மருந்தைக் கூட்டினால் அடுத்த நாள் அதை மறுபடி இறக்க வேண்டும். ஆனால் இரண்டு மணிக்கு 11. மருந்து வேளைக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் கிடந்தது. விடியற்காலை 10. தூக்கமே இல்லை, குடித்ததை எல்லாம் கக்கினாள், முழங்காலைத் துணியில் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தது.

டொக்டர் வந்தார். திரும்ப 0.8, திரும்ப நாலு மணித்தியாலம். இதில் இன்னொரு பிழை விட இடம் இருந்தது. பயந்துபோய் 2 மில்லிலீற்றருக்கே போயிருக்கலாம். அது வேண்டாம். கடைசியாக அமைதியாக இருந்த படிக்கு மட்டும் திரும்பினால் போதும். பதின்மூன்றாம் நாள் மத்தியானத்துக்குள் புள்ளி 7க்கு வந்தது. அங்கேயே இரண்டு நாள் நின்றோம்.

நாங்கள் அதற்குள் புரிந்துகொண்ட விடயம் இதுதான். படி 0.2 என்பது மாறவில்லை, ஆனால் பிள்ளைக்கு அது மாறிக்கொண்டே வருகிறது. 2இல் இருந்து 1.8க்கு வரும்போது கையில் இருப்பதில் பத்தில் ஒன்றுதான் குறைகிறது. 0.6இல் இருந்து 0.4க்கு வரும்போது மூன்றில் ஒன்று போகிறது. மேல்படிகளில் ஒரு நாள் போதுமாக இருந்த பிள்ளைக்குக் கீழ்ப்படிகளில் இரண்டு நாள் கொடுக்க வேண்டும். அதனால் பதினைந்தாம் நாள் 0.6, பதினேழாம் நாள் 0.4. இடைவெளியைத் தொடவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், அளவு அல்லது இடைவெளி.

புள்ளி போடுவதையும் அந்த நாட்களில் திருத்திக்கொண்டோம். பழைய சீட்டுகளைப் பார்த்தால் பகல் வேளையில் 4, இரவு வேளையில் 8 என்று ஒரு ஒழுங்கு தெரிந்தது. பிள்ளை மாறவில்லை, புள்ளி போடுகிறவர் மாறியிருக்கிறார். ஒருவர் பால் கொடுக்கும் முன் போட்டிருக்கிறார். பசித்த பிள்ளை எல்லாம் கையைச் சூப்பும், கத்தும். அதனால் எப்போதும் பால் குடித்த பிறகு, அந்த ஒரு நிமிடத்தை அல்லாமல் கடந்த நாலு மணித்தியாலத்தை முழுதாக நினைத்து, தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் போட வேண்டும் என்று முடிவெடுத்தோம். கடமை மாறும் நேரம் போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து ஒரு தரம் போடுவோம். இரண்டு புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஏன் என்று அங்கேயே பேசுவோம்.

அமெரிக்காவில் இதே வேலை செய்யும் என் சிநேகிதிக்கு இதைச் சொன்னபோது, தாங்கள் மெதடோன் கொடுப்பதாகவும் அதில் இந்தக் கணக்கு வேறு மாதிரி ஏமாற்றும் என்றும் சொன்னாள். மோர்ஃபின் சில மணித்தியாலத்தில் வடிந்துவிடும், இன்று காலை இறக்கியது நல்லதா கெட்டதா என்று இன்று இரவே தெரியும். மெதடோன் உடம்பில் நின்று சேர்ந்துகொண்டே இருக்கும். திங்கட்கிழமை குறைத்தது புதன், வியாழன் ஆகும்போதுதான் முகம் காட்டும். செவ்வாய் நல்லாயிருக்கிறாள் என்று மறுபடி குறைத்தால், வியாழன் அன்று இரண்டு படியும் சேர்ந்து விழும். வேளைகள் குறைவு, தாதிக்கு வேலை குறைவு, ஆனால் ஒவ்வொரு படியிலும் நின்று பார்க்கப் பொறுமை கூட வேண்டும் என்றாள். அவர்களிடத்தில் இப்போது பல பிள்ளைகளுக்கு நீண்ட புள்ளி அட்டவணையே இல்லையாம். குடிக்கிறதா, ஒரு மணித்தியாலமாவது தூங்குகிறதா, பத்து நிமிடத்துக்குள் ஆற்ற முடிகிறதா என்ற மூன்றையே பார்க்கிறார்கள். அந்த முறையைப் பற்றி 2023இல் வந்த பெரிய ஆய்வில், பழைய முறையில் ஏறக்குறைய 15 நாளில் வீடு போகத் தயாரான பிள்ளைகள் இதில் 8 நாளில் தயாராகியிருந்தார்கள். மருந்து தேவைப்பட்டவர்களும் பாதிக்கும் கீழே வந்துவிட்டார்கள். எங்களுக்கு அது புதுமையாகப் படவில்லை, அந்தத் தாய் நெஞ்சில் போட்டுக்கொண்ட வேளைகளின் புள்ளிகளே அதைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஆனால் அதற்கும் பிள்ளையோடு ஒரு ஆள் இராப்பகலாக இருக்க வேண்டும், தாயை வாசலில் நிறுத்தி வைக்கும் பிரிவில் அது நடக்காது.

பத்தொன்பதாம் நாள் காலை ஆறு மணிக்குக் கடைசி 0.4 கொடுத்தேன். பத்து மணிக்கு சிறிஞ்ச் இல்லை. தாய் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றே அனுப்பச் சொல்லி வீட்டார் கேட்டார்கள். முப்பத்தொன்றுக்குத் துடக்குக் கழிக்க ஆயத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். மருந்து நின்ற அன்று பிள்ளை நன்றாக இருப்பது எதையும் சொல்லாது, கடைசி மருந்தின் நிழல் இன்னும் இருக்கும். 72 மணித்தியாலம் வைத்துப் பார்த்தோம். இரண்டாம் நாள் 7 வரை ஏறி, மூன்றாம் நாள் 4, 5 என்று படிந்தது. இருபத்திரண்டாம் நாள் போனாள். எடை 2.8 கிலோ. மோர்ஃபின் ஒரு துளியும் வீட்டுக்குக் கொடுக்கவில்லை.

அவர்களுக்குச் சொல்லி அனுப்பியது சில விடயங்கள்தான். இன்னும் சில மாதத்துக்குத் தூக்கம் துண்டுதுண்டாக இருக்கும், சத்தத்துக்குத் திடுக்கிடுவாள், அது மருந்து போதாமல் இல்லை. காய்ச்சல் வந்தாலோ, தொடர்ந்து இரண்டு மூன்று வேளை பால் குடிக்காமல் விட்டாலோ, வாந்தியும் வயிற்றோட்டமும் நிற்காவிட்டாலோ பஸ் வரும் வரை காத்திராமல் ஆட்டோ பிடித்து வர வேண்டும். பிள்ளையின் அழுகை தலைக்கு ஏறினால் மல்லாக்கத் தொட்டிலில் வைத்துவிட்டு வெளியே போய் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும், எந்தக் காரணத்துக்கும் உலுக்கக்கூடாது. இதை மாமிக்கும் கணவனுக்கும் முன்னால் வைத்தே சொன்னேன். அந்தப் பகுதி மிட்வைஃபுக்குத் தாயின் சம்மதத்தோடு கடிதம் கொடுத்தோம், முதல் கிழமையே வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறா.

ஆறாம் கிழமை கிளினிக்குக்கு வந்தார்கள். பிள்ளை 3.7 கிலோ. வரிசையில் யாரோ இருமியதும் திடுக்கிட்டுக் கையை விரித்தாள், தாய் நெஞ்சோடு சேர்த்து மேலும் கீழுமாக மெதுவாக அசைத்தாள், பிள்ளை கண்ணை மூடிக்கொண்டது. "மனநல கிளினிக்குக்கும் இண்டைக்குத்தான் திகதி மிஸ், முடிச்சிட்டுப் போறம்" என்றாள்.